ஏழு ட்ரீட்மென்ட்டுக்கு மூன்று ரெப்ளிகேஷன் போதுமா?

"ஐயா, நான் முதுகலை உழவியல் மாணவி. சம்பா நெல்லில் டிஏபி 2 சதம், பஞ்சகவ்யா 3 சதம், கடற்பாசிச் சாறு ஆகிய மூன்று இலைவழித் தெளிப்புகளைத் தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் தனித்தனியாகத் தெளித்துப் பார்க்கப் போகிறேன். தெளிக்காத கன்ட்ரோலோடு ஏழு ட்ரீட்மென்ட், ஆர்.பி.டி. 'மூன்று ரெப்ளிகேஷன் போதும், எரர் டி.எஃப். 12 வந்துவிடும்' என்கிறார் கைடு. நான்கு போடு என்கிறார் சீனியர். அவர் போன வருடம் அதே வயலில் இதே மாதிரி ஏழு ட்ரீட்மென்ட், மூன்று ரெப்ளிகேஷன் வைத்துச் செய்ததில் எரர் மீன் ஸ்கொயர் 0.64, 20 சதுர மீட்டர் நிகர பிளாட்டுக்குச் சராசரி விளைச்சல் 10 கிலோ. எனக்குக் கிடைத்திருப்பது அரை ஏக்கர். எத்தனை ரெப்ளிகேஷன் வைக்க வேண்டும்?"

உங்கள் கைடு சொல்லும் 12 என்ற கணக்கு சரிதான். ஏழிலிருந்து ஒன்று போக ஆறு, மூன்றிலிருந்து ஒன்று போக இரண்டு, பெருக்கினால் 12. ஆனால் எரர் டி.எஃப்., அதாவது பிழையை மதிப்பிடக் கிடைக்கும் தனித்தனித் தகவல்களின் எண்ணிக்கை, குறைந்தது 12 இருக்க வேண்டும் என்ற அந்த விதி எதற்காக வந்தது என்று பார்த்தால், அதை வைத்து ரெப்ளிகேஷனை முடிவு செய்ய முடியாது என்பது புரியும். டி அட்டவணையை எடுத்து 5 சத வரிசையில் விரலை வைத்து இறங்குங்கள். டி.எஃப். 4 என்றால் 2.776. 12-க்கு வரும்போது 2.179. அதற்குப் பிறகு 24-க்கு 2.064, 60-க்கு 2.000. அதாவது 12 வரை மதிப்பு மளமளவென்று இறங்குகிறது, அப்புறம் தவழ்கிறது. 12-க்குக் கீழே போனால் டி மதிப்பு வீணாகப் பெருக்கும், பிழை மதிப்பீடும் ஆட்டம் காணும் என்பதற்காக வைத்த கீழ்வரம்பு அது. உங்கள் வயல் எவ்வளவு மேடு பள்ளம், நீங்கள் தேடும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்ற இரண்டும் அந்த விதிக்குள் எங்கேயும் இல்லை. ஒரே சீரான வயலுக்கும் திட்டுத் திட்டாக விளையும் வயலுக்கும், ஒரு டன் வித்தியாசத்துக்கும் நூறு கிலோ வித்தியாசத்துக்கும் அது 3 என்றே சொல்லும்.

ஆகவே அந்த இரண்டு எண்களையும் முதலில் கையில் எடுப்போம்.

முதலாவது பிழை. 0.64 என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிளாட்டுக்குக் கிலோ என்ற அளவின் வர்க்கம். ஹெக்டேருக்கு மாற்றும்போது பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். 20 சதுர மீட்டரை ஹெக்டேராக்க 500-ஆல் பெருக்க வேண்டும். விளைச்சலுக்கு அது சரி, 10 கிலோ 5,000 கிலோவாகும். மீன் ஸ்கொயரை 500-ஆல் பெருக்கினால் 320 வரும்; வர்க்கமூலம் ஏறக்குறைய 18 கிலோ. ஹெக்டேருக்கு 18 கிலோ மட்டும் பிழை உள்ள நெல் வயலை நான் பார்த்ததில்லை. மீன் ஸ்கொயர் வர்க்க அளவு என்பதால் 500-ஐ வர்க்கமாக்கித்தான் பெருக்க வேண்டும். 0.64-ஐ 2,50,000-ஆல் பெருக்கினால் 1,60,000. வர்க்கமூலம் 400 கிலோ. சரியாக மாற்றினோமா என்று பார்க்க ஒரு வழி சி.வி., அதாவது பிழை சராசரியில் எத்தனை சதம் என்பது. பிளாட் அளவில் 10 கிலோவுக்கு 0.8, அதாவது 8 சதம். ஹெக்டேர் அளவில் 5,000-க்கு 400, அதுவும் 8 சதம். இரண்டு இடத்திலும் ஒரே சி.வி. வராவிட்டால் மாற்றியதில் தவறு இருக்கிறது.

8 சதம் நல்ல எண்தான், கொஞ்சம் அதிகமாகவே நல்ல எண். நட்ட நெல்லில் ரகச் சோதனைகளில் 6 முதல் 8 சதம் வரும், உரச் சோதனைகளில் 10 முதல் 12 வருவது சாதாரணம். அதோடு இந்த 0.64 ஒரே ஒரு சோதனையில், வெறும் 12 டி.எஃப்.-இல் கிடைத்தது. அவ்வளவு குறைந்த தகவலில் உண்மையான பிழை 400 கிலோ என்று ஆணியடித்துச் சொல்ல முடியாது. 95 சத நம்பிக்கை எல்லை போட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய 290 கிலோவிலிருந்து 660 கிலோ வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் துறையில் அதே பண்ணையில், அதே பருவத்தில் நெல்லுக்கு நடந்த இன்னும் இரண்டு மூன்று ஆய்வேடுகளை எடுத்து, அனோவா அட்டவணையில் எரர் வரியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஹெக்டேருக்குக் கிலோவாக மாற்றிவிட்டு, ஒவ்வொரு மீன் ஸ்கொயரையும் அதனதன் டி.எஃப்.-ஆல் பெருக்கிக் கூட்டி, மொத்த டி.எஃப்.-ஆல் வகுங்கள். நிகர பிளாட் ஏறத்தாழ இதே அளவில் உள்ளவையாகப் பாருங்கள். வரும் சராசரி 1,60,000-க்கு மேலே போனால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு நான் 1,60,000-ஐ வைத்தே கணக்கைக் காட்டுகிறேன்.

இரண்டாவது எண், எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது விவசாயிக்குப் பயன்படும் என்பது. இதை எந்த அட்டவணையும் தராது. இது புள்ளியியலே இல்லை, வரவு செலவு. தெளிப்புப் பொருளும் கூலியுமாக ஹெக்டேருக்கு 5,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மூன்று தெளிப்புகளுக்கும் உள்ளூர் விலையை நீங்கள் விசாரித்து இதை மாற்ற வேண்டும். நெல்லுக்கு 2024-25 பருவத்தில் மத்திய அரசு பொது ரகத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், கிலோ 23 ரூபாய். 5,000 ரூபாயைத் திரும்ப எடுக்கவே ஏறக்குறைய 217 கிலோ அதிகம் விளைய வேண்டும். ஆனால் போட்ட காசு மட்டும் திரும்ப வரும் என்றால் யாரும் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்க மாட்டார்கள். புதிய முறைக்கு மாற விவசாயி போட்ட பணத்துக்கு 50 முதல் 100 சதம் வரை லாபம் எதிர்பார்ப்பார் என்பது பண்ணைப் பொருளாதாரத்தில் பழகிய கணக்கு. 100 சதம் என்று வைத்தால் 435 கிலோ. கூடுதல் நெல்லை அறுக்க, தூற்ற, ஏற்றிப்போகவும் செலவு உண்டு. ஆக 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரியில் 10 சதம்.

இந்த எண்ணை நாற்று விடுவதற்கு முன்பே தாளில் எழுதிக் கைடிடம் காட்டிவிடுங்கள். விளைச்சல் வந்தபின் யோசித்தால், கிடைத்த வித்தியாசத்துக்கு ஏற்ப மனசு எண்ணை வளைத்துவிடும்.

இப்போது கணக்கு. நாம் தேடும் வித்தியாசம் d, எரர் மீன் ஸ்கொயர் s², ரெப்ளிகேஷன் எண்ணிக்கை r என்று வைத்துக்கொள்வோம். நம் வகுப்புகளில், இரண்டு சராசரிகள் வேறுபடுகின்றன என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசமான சி.டி.-யை d-க்குச் சமமாக வைத்து, d-யின் வர்க்கத்தால் 2t²s²-ஐ வகுத்து r கண்டுபிடிக்கும் சூத்திரத்தைச் சொல்லித்தருகிறார்கள். உங்கள் எண்களைப் போட்டால் அது 6 என்று சொல்லும். அதை நம்பி 6 வைத்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். உண்மையிலேயே டிஏபி கன்ட்ரோலைவிட 500 கிலோ கூடுதலாகத் தரும் என்று இருக்கட்டும். சோதனையில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சரியாக 500 ஆக இருக்காது; சில தடவை 650, சில தடவை 320 என்று 500-ஐச் சுற்றி ஆடும். சி.டி.-யும் 500 என்றால் பாதித் தடவை அதற்குக் கீழே விழும். இருக்கிற வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்ல நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். 6 ரெப்ளிகேஷனில் சி.டி. 500-க்குக் கொஞ்சம் கீழே வருவதால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 55 சதம், அவ்வளவே.

ஐந்தில் நான்கு தடவையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்றால் சூத்திரத்துக்குள் இன்னொரு டி மதிப்பு வர வேண்டும்.

```
r = 2 × (t1 + t2)² × s² / d²
```

t1 என்பது வழக்கமான இருமுனை 5 சத மதிப்பு. t2 என்பது 80 சத வாய்ப்புக்கான ஒருமுனை மதிப்பு. இரண்டும் எரர் டி.எஃப்.-ஐச் சார்ந்தவை; அந்த டி.எஃப். r-ஐச் சார்ந்தது. அதனால் ஒரே தடவையில் விடை வராது, போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் எண்களில் 2s²/d² என்பது 1.28. மூன்றில் ஆரம்பித்தால் டி.எஃப். 12, டி மதிப்புகள் 2.179-உம் 0.873-உம், கூட்டினால் 3.052. வர்க்கமாக்கி 1.28-ஆல் பெருக்கினால் 11.9. சரி, 12 என்று வைத்து மறுபடி போட்டால் டி.எஃப். 66, டி மதிப்புகள் 1.997, 0.847, விடை 10.35. 11 என்று வைத்தால் டி.எஃப். 60, விடை 10.38. 11-ஐத் தாண்டவில்லை; 10 வைத்தால் தேவை 10.42, அதற்கு 10 போதவில்லை. ஆக 11.

கையால் போட வேண்டாம் என்றால் R-இல் இந்த ஆறு வரி போதும். வெளிவரும் எண்களில் முதல் நெடுவரிசை மூன்றாவது நெடுவரிசையை எட்டும் முதல் வரியே விடை.

```
s2 <- 160000; d <- 500; t <- 7
for (r in 2:15) {
  df <- (r - 1) * (t - 1)
  need <- 2 * (qt(.975, df) + qt(.80, df))^2 * s2 / d^2
  cat(r, df, round(need, 2), "\n")
}
```

பதினொன்று என்றதும் உங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கும். எனக்கும் முதல் தடவை இப்படித்தான் இருந்தது. ஆனால் இதையே திருப்பிப் போட்டு, மூன்று வைத்தால் என்ன தெரியும் என்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று ரெப்ளிகேஷனில் இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை 327 கிலோ, சி.டி. 712 கிலோ. 500 கிலோ உண்மையாகவே கூடினாலும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பத்தில் மூன்றுதான். ஐந்தில் நான்கு தடவை கண்டுபிடிக்க வேண்டுமானால் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டன்னாக இருக்க வேண்டும். இலைவழித் தெளிப்பில் ஒரு டன் கூடுவதை நீங்களே எதிர்பார்க்க மாட்டீர்கள். சீனியர் சொன்ன நான்கில் அது 840 கிலோவாகக் குறைகிறது, அவ்வளவே.

இதில் யார் நஷ்டப்படுகிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிலையத்தில் மூன்று வருடம் தொடர்ந்து ஒரே சோதனை நடந்தது, மூன்று ரெப்ளிகேஷன். ஒரு ட்ரீட்மென்ட் ஒவ்வொரு வருடமும் கன்ட்ரோலைவிட ஏறக்குறைய 450 கிலோ அதிகம் கொடுத்தது. சி.டி. ஒவ்வொரு வருடமும் 700-ஐ ஒட்டி. மூன்று அறிக்கையிலும் 'ஆன் பார்', அதாவது கன்ட்ரோலுக்குச் சமம், என்று எழுதினோம்; எழுதியவர்களில் நானும் ஒருவன். அப்புறம் அந்த ட்ரீட்மென்ட்டைக் கைவிட்டார்கள். பல வருடம் கழித்து அந்தப் பழைய நோட்டைப் புரட்டியபோது மூன்று வருடத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு வருடம் விளைவு மாறவில்லை, ஒன்பது பிளாட்டுகளின் சராசரிக்குச் சி.டி. 380 கிலோ அளவுக்கு இறங்கியது. 450 அதற்கு மேலே நின்றது. விளைச்சல் தராசில் மூன்று வருடமும் இருந்தது, எங்கள் சோதனைக்குத்தான் கண் மங்கல். 'ஆன் பார்' என்ற இரண்டு சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்னும் அந்த நோட்டு ஞாபகம் வருகிறது.

சரி, 11 ரெப்ளிகேஷன், ஏழு ட்ரீட்மென்ட் என்றால் 77 பிளாட். ஓரவரிசைகளும் வரப்பும் சேர்த்துப் பிளாட்டுக்கு 30 சதுர மீட்டர் வைத்தாலே 57 சென்ட், வாய்க்கால் தனி. உங்களுக்கு இருப்பது 50 சென்ட். முடியாது. இங்கேதான் பலரும் 'அப்போ மூன்றே போடலாம்' என்று ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வது, ரெப்ளிகேஷனைக் குறைக்காமல் ட்ரீட்மென்ட்டைக் குறையுங்கள்.

உங்கள் ஏழில் ஒரு அமைப்பு இருக்கிறது. மூன்று தெளிப்பு, இரண்டு பருவம், ஒரு கன்ட்ரோல். தெளிப்பின் விளைவு இரண்டு பருவத்திலும் ஏறத்தாழ ஒன்றே என்றால் ஒரு வசதி உண்டு. டிஏபி-யின் இரண்டு ட்ரீட்மென்ட்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாம், ஒரு பிளாக்குக்கு, அதாவது எல்லா ட்ரீட்மென்ட்டும் ஒன்றாக வரும் ஒரு ரெப்ளிகேஷனுக்கு, டிஏபி இரண்டு பிளாட்டாகிவிடும். கன்ட்ரோலுக்கும் பிளாக்குக்கு இரண்டு பிளாட் கொடுத்து, எட்டு பிளாட் கொண்ட ஐந்து பிளாக் வைத்தால் 40 பிளாட்டில் டிஏபி-க்கும் கன்ட்ரோலுக்கும் பத்துப் பத்துப் பிளாட் கிடைக்கும். 500 கிலோவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 77 சதம். அழகான அமைப்புதான், ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு இதில் தயக்கம். தூர் கட்டும் பருவத்தில் இலைப் போர்வை இன்னும் மூடியிருக்காது, தெளித்ததில் கணிசமான பங்கு வயல் தண்ணீரில் விழும். கதிர் உருவாகும் பருவத்தில் இலையும் நிறைய, மணி எண்ணிக்கை நிர்ணயமாகும் நேரமும் அதுதான். இரண்டு பருவத்திலும் ஒரே விளைவு என்று எதிர்பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கதிர்ப் பருவத்தில் 500 கிலோவும் தூர்ப் பருவத்தில் ஒன்றுமில்லாமலும் போனால், சேர்த்து எடுக்கும் சராசரி 250 ஆகிவிடும். இருந்த விளைவை நாமே நீர்த்துப்போகச் செய்தவர்களாவோம். ஒவ்வொரு பருவத்தையும் தனியாகப் பார்க்கலாமே என்றால் தனி ட்ரீட்மென்ட்டுக்கு ஐந்து பிளாட்தான். கன்ட்ரோலுக்குப் பத்துப் பிளாட் இருந்தும் 635 கிலோவுக்குக் கீழே நம்பிப் பேச முடியாது.

அதனால் கதிர் உருவாகும் பருவத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தெளிப்பு, ஒரு கன்ட்ரோல், மொத்தம் நான்கு ட்ரீட்மென்ட். எரர் டி.எஃப். குறையுமே என்று பயப்பட வேண்டாம். 11 ரெப்ளிகேஷனில் அது 30, டி மதிப்புகள் 2.042, 0.854, தேவை 10.7. அதே 11 போதும். மொத்தம் 44 பிளாட், வரப்போடு 33 சென்ட். வாய்க்கால் போக இடம் மிஞ்சும்.

44 பிளாட் அறுக்க ஆள் கிடைக்காது, 28-தான் முடியும் என்று கைடு சொன்னாலும் இந்த வழியே நல்லது. 28 பிளாட்டில் ஏழு ட்ரீட்மென்ட், நான்கு ரெப்ளிகேஷன் வைத்தால் 840 கிலோ வித்தியாசம் வேண்டும். அதே 28 பிளாட்டில் நான்கு ட்ரீட்மென்ட், ஏழு ரெப்ளிகேஷன் வைத்தால் 630 கிலோவுக்கு வருகிறது. ஒரு பைசா கூடுதல் செலவில்லை. 500-ஐ எட்டவில்லைதான், அதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நான்கு ட்ரீட்மென்ட்டில் இன்னொரு லாபமும் உண்டு, சூத்திரத்தில் தெரியாதது. பிளாக் சின்னதாகிறது. ஏழு பிளாட் கொண்ட பிளாக் 210 சதுர மீட்டர், நான்கு கொண்டது 120. நெல் வயலில் ஒரு பிளாக்குக்குள் மண் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் ஆர்.பி.டி.-யின் உயிர். பிளாக் சிறியதாக இருந்தால் அது எளிது. உங்கள் வயலில் மடை எந்தப் பக்கம், வடிகால் எந்தப் பக்கம் என்று முதலில் போய்ப் பாருங்கள். மடையடியில் வண்டல் படியும், தண்ணீர் எப்போதும் நிற்கும். வடிகால் பக்கம் காயும். விளைச்சல் மடையிலிருந்து வடிகாலை நோக்கித்தான் மாறும். ஒரு பிளாக்கின் நான்கு பிளாட்டும் மடையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில், அந்தச் சரிவுக்குக் குறுக்காக வரிசையாக அமைய வேண்டும். நீளவாக்கில் போட்டுவிட்டால் ஒரே பிளாக்கில் ஒரு ட்ரீட்மென்ட் மடையடியிலும் இன்னொன்று வடிகாலிலும் மாட்டும். அந்த வித்தியாசம் முழுவதும் எரருக்குள் போய்விடும். பதினொரு பிளாக்கும் ஒட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடுவில் ஒரு பள்ளத் திட்டு இருந்தால் அதைத் தாண்டி அடுத்த பிளாக்கைப் போடுங்கள். சீனியரின் அனோவா அட்டவணையில் ரெப்ளிகேஷன் மீன் ஸ்கொயர் எரரைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் வயல் உண்மையிலேயே சீரானதாக இருக்கலாம், அல்லது அவர் பிளாக்கைத் தப்புத் திசையில் போட்டிருக்கலாம். அவருடைய வரைபடத்தை வாங்கிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பிழை கொஞ்சம் இறங்கினாலும் ரெப்ளிகேஷன் நிறைய இறங்கும், ஏனென்றால் சூத்திரத்தில் அது வர்க்கமாக நிற்கிறது. 400 கிலோ 300 ஆனால் பதினொன்று ஏழாகிவிடும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே நாற்றங்காலின் ஒரே வயது நாற்று, பத்தாவது நாள் போக்கிடம் நிரப்புவது, அறுவடையன்று ஓரவரிசைகளை முதலில் அறுத்து ஒதுக்குவது, நெல்லின் ஈரத்தை அளந்து எல்லாவற்றையும் 14 சதத்துக்கு மாற்றுவது. கடைசியைத்தான் மாணவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். காலையில் பனியோடு அறுத்த பிளாட் 22 சத ஈரத்திலும், மதியம் அறுத்தது 18 சதத்திலும் தராசில் ஏறினால், அந்த வித்தியாசம் மட்டுமே 10 கிலோவில் அரைக் கிலோவைத் தின்றுவிடும். உங்கள் மொத்தப் பிழையே 0.8 கிலோ. ஒரு நாளில் அறுத்து முடியாது என்றால் பிளாக் பிளாக்காக அறுங்கள். ஒரு பிளாக்கைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நாள் வித்தியாசம் பிளாக் வித்தியாசத்தோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

பிளாட்டைப் பெரிதாக்கினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். பிழை குறையும், ஆனால் பரப்பு கூடும் விகிதத்தில் குறையாது. பக்கத்துப் பக்கத்து மண் ஒன்றையொன்று ஒத்திருப்பதுதான் காரணம். ஃபேர்ஃபீல்டு ஸ்மித் 1938-இல் கோதுமை வயல்களை வைத்துக் காட்டியது இதைத்தான். சாதாரண வயலில் பரப்பை இரட்டித்தால் மாறுபாடு பாதியாவதில்லை, ஏறக்குறைய முக்கால் பங்கில் நிற்கும். நிலம் குறைவாக உள்ள உங்களுக்குப் பிளாட்டை இரட்டிப்பதைவிடப் பிளாக்கைக் கூட்டுவதே லாபம். அதேபோல், ஒரு பிளாட்டுக்குள் மூன்று இடத்தில் தனித்தனியாக அறுத்து அதை மூன்று ரெப்ளிகேஷன் என்று எழுதிவிடாதீர்கள். அவை ஒரே பிளாட்டின் மூன்று துண்டுகள். தெளிப்பு ஒரு தடவைதான் அந்தப் பிளாட்டுக்குப் போனது.

கடைசியாக, முடிவை எழுதும் விதம். 11 ரெப்ளிகேஷன் வைத்துப் பிழை 400-லேயே நின்றால் சி.டி. 350 கிலோ அளவில் இருக்கும். பஞ்சகவ்யா கன்ட்ரோலைவிட 200 கிலோ அதிகம் தந்தது என்று வைத்துக்கொள்வோம். 'ஆன் பார்' என்று எழுதி நிறுத்தாமல், வித்தியாசம் 200 கிலோ, 95 சத எல்லை 150 குறைவிலிருந்து 550 கூடுதல் வரை என்று எழுதுங்கள். எல்லைக்குள் 500 இருப்பதால் இது பயனில்லாத தெளிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை, இன்னொரு பருவம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறீர்கள். அதே கடற்பாசிச் சாறு 20 கிலோ மட்டும் கூடியிருந்தால் எல்லை 370-ஓடு நின்றுவிடும். 500 கிலோ லாபம் தராது என்று தைரியமாக எழுதலாம்.

நாற்று விடுவதற்கு முன் வயலின் வரைபடத்தை மடையும் வடிகாலும் குறித்து எனக்கு அனுப்புங்கள். பிளாக்குகளை எந்தப் பக்கமாகப் போடுவது என்று சேர்ந்து பார்த்துவிடலாம். சீனியரின் பிளாட்வாரி விளைச்சல் நோட்டும் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த பிளாட் எங்கே இருந்தது என்று தெரிந்தால் அந்த 0.64 எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.